மேலாளர் மேஜைக்கு இந்தப் பக்கம்

வங்கியில் முதன்மை மேலாளராக இருந்த யக்ஞநாராயணன் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. சேலையூர் வீட்டில் அவர் நிர்வாகம் பண்ண மிச்சமிருந்தது தண்ணீர் மோட்டாரும் மனைவி அபிதகுஜாம்பாளும்தான். மோட்டார் எதிர்த்துப் பேசாது.

"ஏன்னா, துணி காயப்போடறதுக்கெல்லாம் உங்ககிட்ட அப்ரூவல் வாங்க முடியாது. எங்கேயாவது வேலைக்குப் போங்கோ. இல்லேன்னா நான் போறேன்!"

வேறு வழியில்லை. குரோம்பேட்டையில் ஆடிட்டர் ஹெப்சி, சிறுதொழில்காரர்கள் வங்கியில் கடன் கேட்பதற்கான திட்ட அறிக்கைகளைத் தயாரித்துக் கொடுப்பவள். பகுதிநேர ஆலோசகர் ஒருவர் தேவை என்றாள்.

"வாரம் ரெண்டு நாள். எவ்வளவு எதிர்பார்க்கறீங்க சார்?"

"மாசம் எழுபத்தஞ்சாயிரம்." கடைசிச் சம்பளத்தில் பாதியைக் கேட்டதே பெருந்தன்மை என்று அவர் நினைப்பு.

ஹெப்சி தண்ணீர் குடித்துக்கொண்டாள். "முதல்ல இதைப் பாருங்க" என்று ஒரு லேத் பட்டறையின் அறிக்கையை நீட்டினாள்.

அரை மணி நேரத்தில் தப்பைப் பிடித்துவிட்டார். மெஷின் வருவது ஆகஸ்டில். தவணை ஜூனிலேயே ஆரம்பிக்கிறது! ஓரத்தில் 'திருத்திக் கொண்டு வரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேஜை விளிம்புக்குத் தள்ளிவிட்டு, சாய்ந்துகொண்டார்.

யாரும் வரவில்லை.

"யார் சார் திருத்துவாங்க?" என்றாள் ஹெப்சி.

"ஸ்டாஃப்..."

"அது நீங்கதான் சார்."

லேப்டாப்பைத் திறந்து, கால்குலேட்டரில் கணக்குப் போட்டு ஒவ்வொரு கட்டமாக அடித்தார். ஹெப்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "சார், ஒரு மாசத்தை மாத்தினா மத்ததெல்லாம் தானா மாறணும். தப்பைக் கண்டுபிடிச்சது அருமை. ஆனா எக்செல் கத்துக்கிட்டு வாங்க, பேசலாம்."

கிழக்குத் தாம்பரத்தில் மாலை வகுப்பு. சொல்லிக்கொடுத்த ஸ்நேகாவுக்கு இருபத்துமூன்று வயது. "அங்கிள், கர்சரை முறைக்காதீங்க. அது உங்க கிளார்க் இல்லை" என்பாள். வகுப்பே சிரிக்கும். யக்ஞநாராயணன் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். ஆனால் ஒரு நாளும் மட்டம் போடவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி குரோம்பேட்டை. தவணைக் காலத்தை இரண்டு வருடம் நீட்டச் சொன்னாள் ஹெப்சி. அவர் ஒரே ஒரு கட்டத்தைத் தொட்டார். வட்டி, தவணை, மிச்சம் எல்லாம் வரிசையாக மாறின. மனிதர் லாட்டரி அடித்தவர் மாதிரி திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"மாசம் பதினெட்டாயிரம் சார். பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பேன். பி.எஃப். கிடையாது, சம்பளத்தோட லீவு கிடையாது. பழைய சம்பளத்தை மறந்துடுங்க. அதுல பாதி அந்த நாற்காலிக்குக் குடுத்தது."

சுருக்கென்றது. ஆனால் பொய்யில்லையே! "இருபத்திரண்டு" என்றார்.

"இருபது. ஆறு மாசம் கழிச்சு ஏத்தறதைப் பத்திப் பேசலாம்."

"சரிம்மா. டீயாவது உண்டா?"

"உண்டு சார். அவங்கவங்க போட்டுக்கணும்."

ஐந்து நிமிடத்தில் அபிதகுஜாம்பாளின் கைப்பேசி ஒலித்தது.

"அபி, ஒரு டம்ளர் டீக்குத் தூள் எத்தனை ஸ்பூன்?"



"வேலை கிடைச்சுடுத்தா?"