ஜோஸ்பின் மேடத்துக்கு எட்டு வரி

சரக்கைப் புகழ்ந்தால் விலை ஏறும் என்பது நஸ்ருதீன் வீட்டில் பல் முளைக்கும் முன்பே சொல்லிக்கொடுத்துவிடுகிற பாடம். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து, "நேத்து மீனா?" என்று கேட்க வேண்டும். துணி வாங்கினால் விரலால் கசக்கி, "சாயம் நிக்காது போலிருக்கே" என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். பிடித்திருக்கிறது என்று முகம் காட்டிக்கொடுத்தால் வியாபாரம் அங்கேயே முடிந்தது. கல்யாணமான புதிதில் ஆஸியா பீவி ஆக்கிய பிரியாணியை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு அவர் சொன்ன வார்த்தை, "பரவாயில்லை." அந்த ஒரு வார்த்தைக்கு இருபத்தாறு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட வாயால் ஒருவரை வாழ்த்த வேண்டிய நாள் வந்தது.

சேதியைக் கொண்டுவந்தவர் அகஸ்டின். லேபிளும் ஒட்டுகிற டேப்பும் சப்ளை செய்கிறவர். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நஸ்ருதீனைக் கண்டதும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

"பாய், தெரியுமா? நம்ம ஜோஸ்பின் மேடம் பிளான்ட் ஹெட் ஆயிட்டாங்க! ஆர்டர் நேத்தே வந்துடுச்சாம்."

ஊருக்கு வெளியே இருக்கும் மருந்துக் கம்பெனியில் பதினோரு வருஷம் கொள்முதல் மேனேஜராக இருந்தவர் ஜோஸ்பின். நெரவியில் நஸ்ருதீன் நடத்தும் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் பெட்டிகளில் பாதிக்கு மேல் போவது அந்த ஒரே இடத்துக்குத்தான். அங்கே ஆர்டர் நின்றால் இங்கே இருபத்திரண்டு பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வருஷாந்திர ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புது ரேட் கொடுக்க இன்னும் எட்டு நாள்.

"நாளைக்கே போறோம் பாய். சால்வை, பழத்தட்டு, கேட்டுக்கு எதிர்ல பெரிசா ஒரு ஃப்ளெக்ஸ். 'காரைக்காலின் கலங்கரை விளக்கமே'ன்னு போட்டிருக்கேன். உங்க போட்டோவையும் ஓரத்துல வச்சிடவா?"

"கலங்கரை விளக்கம் ஏற்கெனவே பீச்சுல ஒண்ணு இருக்கே அகஸ்டின். ஊருக்கு ரெண்டு எதுக்கு?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் குத்தம்தான். இப்ப போய் நிக்கலைன்னா, பாய்க்கு வயித்தெரிச்சல்னுதான் நினைப்பாங்க."

அது நஸ்ருதீனைச் சுருக்கென்று தைத்தது. போய் நின்றால் ரேட்டுக்காகக் குழைகிறான் என்பார்கள். போகாமல் இருந்தால் பொறாமைக்காரன். இரண்டையும் ஊர் சொன்னால் பரவாயில்லை. அந்த அம்மாள் நினைத்துவிடக் கூடாது. ஏனென்றால், பதினோரு வருஷத்தில் நஸ்ருதீன் மனசுக்குள் ஒத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு: அந்த நாற்காலியில் அவ்வளவு நேரான ஆளை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாளிடம் நிச்சயமாகச் சொன்னதில்லை. ஒவ்வொரு வருஷமும் எதிரே உட்கார்ந்து, "உங்க ரேட்டுக்குப் பெட்டி கொடுத்தா நான் பெட்டியிலதான் குடியிருக்கணும்" என்று புலம்பியது மட்டும்தான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தார். சப்ளையர்கள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு வாழ்த்து. அதில் முப்பதில் ஒரே ரோஜாக்கொத்து. தானும் ஒன்றை அடித்து மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"தங்களின் அயராத உழைப்பும், ஈடு இணையற்ற பண்பும், என்றென்றும் எங்கள் நெஞ்சில்..."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஆஸியா பீவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "யாருங்க மவுத்தாயிட்டாங்க?"

"ஏய், வாழ்த்துடி இது!"

"நான் இரங்கல் கூட்டம்னு நினைச்சேன். இதுல அந்தம்மா எங்க இருக்காங்க? பேரை மாத்திட்டு எம்.எல்.ஏவுக்கும் அனுப்பலாம், சம்பந்திக்கும் அனுப்பலாம்."

நஸ்ருதீன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி, சொல்லுங்க. அந்தம்மா செஞ்சதுல, இதை வேற எவனும் செஞ்சிருக்க மாட்டான்னு உங்களுக்குத் தோணினது எது?"

யோசிக்கவே தேவைப்படவில்லை. "லாரியைத் திருப்பி அனுப்பினது."

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில் நடந்தது. கடலோர ஈரம், வெயில் முகம் பார்த்து ஒரு வாரம். அட்டை காயாமலே கட்டி, ஒரு லாரி பெட்டியை ஏற்றிவிட்டார்கள். மேலே பார்த்தால் பெட்டி கிண்ணென்று இருந்தது. மருந்துக் கம்பெனியில் ஒவ்வொரு கட்டிலிருந்தும் பெட்டி உருவி எடை போட்டார்கள். இருக்க வேண்டியதைவிட எடை கூட. கூடுதல் எடை அட்டையுடையதல்ல, தண்ணீருடையது. ஈரம் கோர்த்த பெட்டியை அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கும், உள்ளே மருந்து பாட்டில் நொறுங்கும். லாரி அப்படியே திரும்பி வந்தது.

எல்லாக் கம்பெனியும் திருப்பும். ஆனால் இந்த லாரியில் ஜோஸ்பின் கையெழுத்தில் இரண்டு பக்கம் வந்தது: எந்தக் கட்டில் எவ்வளவு எடை, எங்கே தவறியிருக்கலாம், என்ன செய்தால் சரியாகும். கூடவே நான்கு நாள் அவகாசம். அங்கே பெட்டியில்லாமல் ஒரு நாள் பேக்கிங் நின்றுபோனதும், வேறு ஆளுக்கு ஆர்டரை மாற்றச் சொன்ன மேலிடத்திடம், "ஈரமீட்டர் வாங்கச் சொல்லியிருக்கேன், வாங்குவார்" என்று அந்த அம்மாள் பொறுப்பேற்றுத் திட்டு வாங்கியதும், பல மாதம் கழித்துத்தான் நஸ்ருதீன் காதுக்கு வந்தது.

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா ரேட்டைக் குறைக்கச் சொல்லியிருப்பாங்களே!"

ஆஸியா பீவி கத்தியை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். "இதை எழுதுங்க. இன்னிக்கே எழுதுங்க. பத்து நாள் கழிச்சுச் சொன்னா பழங்கஞ்சி."

நஸ்ருதீன் பேனாவை எடுத்தார். பெட்டிக்கு விலை போடும்போதுகூட அவர் இவ்வளவு அடித்துத் திருத்தியதில்லை. 'இதற்கும் ரேட்டுக்கும் சம்பந்தமில்லை' என்று ஒரு வரி எழுதினார். திரும்பப் படித்தார். சம்பந்தமே இல்லாத இடத்தில் அந்த வரிதான் சம்பந்தத்தைக் கட்டி வைத்தது. அடித்தார். 'அதற்குப் பிறகு என் பெட்டி ஒன்றுகூட எங்கிருந்தும் திரும்பியதில்லை' என்று எழுதினார். அது வாழ்த்தல்ல, விளம்பரம். அதையும் அடித்தார். 'உங்கள் ஆதரவு என்றும் வேண்டும்' என்பது கை தானாக எழுதிய வரி. கையைக் கோபித்துக்கொண்டு அடித்தார். கடைசியில் நின்றது எட்டு வரி:

'மேடம், நீங்கள் பிளான்ட் ஹெட் ஆனது கேள்விப்பட்டேன். சந்தோஷம். மூன்று வருஷத்துக்கு முன் மழையில் என் லாரியைத் திருப்பி அனுப்பினீர்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் லாரியோடு காரணத்தையும் எழுதி அனுப்பியவர் என் தொழிலில் நீங்கள் ஒருவர்தான். எனக்காக நீங்கள் பேச்சு வாங்கியது பிறகுதான் தெரிந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உங்கள் கையில் ஒரு பிளான்ட் வந்தது சரியான காரியம்.'

கீழே பெயர். கம்பெனி லெட்டர்பேடு இல்லை, சாதா வெள்ளைத்தாள். ரேட் விவரத்தைக் கம்பெனி முறைப்படி, புதிதாக வந்த கொள்முதல் மேனேஜர் முத்தமிழுக்கு ஈமெயிலில் தனியாக அனுப்பினார். கடிதத்தைத் தானே ஸ்கூட்டரில் போய்த் தபாலாபீசில் போட்டார்.

மறுநாள் மதியம் அகஸ்டின் போன் செய்தார். குரலில் காற்றே இல்லை.

"பாய், பழத்தட்டை செக்யூரிட்டி உள்ளேயே விடலை. பரிசு எதுவும் வாங்கக் கூடாதுன்னு ரூலாம். மேடம் வெளியே வந்து சிரிச்ச முகமா ரெண்டு நிமிஷம் நின்னாங்க. சால்வையை மட்டும் கேட்டுல நிக்கிற வாட்ச்மேனுக்குப் போடச் சொல்லிட்டாங்க, அவர் அடுத்த வாரம் ரிட்டயராம். ஃப்ளெக்ஸை மூணு மணிக்குள்ள எடுக்கணுமாம்."

"சால்வை வீணாகலையே."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

சிரிப்பாக இல்லை. தன் கடிதம் எந்தக் குப்பைக்கூடைக்குப் போகுமோ என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு வாரம் பதில் இல்லை. பதில் கேட்டு எழுதியதில்லைதான். ஆனாலும் தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது.

ரேட் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். முத்தமிழ் முப்பது வயசுப் பையன் போலிருந்தார். பேச்சு ஐம்பது வயசு.

"பாய், உங்க ரேட் ரெண்டாவது. கம்மியா கொடுத்தவர் பெட்டி அழுத்த டெஸ்ட்ல விழுந்துடுச்சு. அதனால உங்களுக்குத்தான். ஆனா பெட்டிக்கு நாப்பது பைசா குறைக்கணும்."

"நாப்பதா! பசைக்குக்கூடப் பத்தாதுங்க."

ஒரு மணி நேரம் இழுபறி. இருபத்தைந்து பைசாவில் நின்றது. கடிதம் ஒரு பைசாவைக்கூடக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருந்தால் தனக்கே அசிங்கமாக இருந்திருக்கும் என்பது நஸ்ருதீனுக்கு அந்த நேரத்தில்தான் தெரிந்தது.

எழுந்து வெளியே வரும்போது நடையில் ஜோஸ்பின் எதிரே வந்தார். அதே பருத்திப் புடவை, அதே வேக நடை.

"பாய், முடிஞ்சுதா? என்னை அந்த ரூமுக்குள்ள வரச் சொல்லாதீங்கன்னு முத்தமிழ்கிட்ட சொல்லியிருந்தேன். உங்க லெட்டர் வந்துதுன்னுதான். ரேட் முடியாம உங்ககிட்ட பேசினா சரியா இருக்காது."

பதில் வராததன் காரணம் இதுவா! இந்த நேர்மையைப் பார்த்து நஸ்ருதீனுக்கு இன்னொரு கடிதம் எழுதலாம் போலிருந்தது.

"வந்த வாழ்த்துலயெல்லாம் என்னைச் சூரியன், சந்திரன்னு போட்டிருந்தாங்க. நான் என்ன செஞ்சேன்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். ஆனா பாய், அதுல ஒரு தப்பு இருக்கு."

நஸ்ருதீன் பையைக் கை மாற்றிக்கொண்டார். "என்னங்க மேடம்?"

"எடை போட்டுப் பார்க்கணும்னு சொன்னது நான் இல்லை. லேப்ல அல்லின்னு ஒரு பொண்ணு. அப்ப சேர்ந்து மூணு மாசம்தான். மேலாகப் பார்த்து நான் லாரியை இறக்கச் சொல்லிட்டேன். அதுதான் ஓடிவந்து தடுத்தது. காரணம் பூரா அது கண்டுபிடிச்சது, எழுதினது மட்டும் நான். நீங்க கொடுத்ததுல பாதி அதுக்குச் சேரணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்த புகழிலும் தன் பங்கைக் குறைத்துக்கொண்ட ஆளை நஸ்ருதீன் கடைத்தெருவில் கண்டதில்லை.

லேப் நடையின் கோடியில் இருந்தது. நஸ்ருதீன் போய்க் கேட்டதும் அல்லி கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். வெள்ளைக் கோட்டு, காதில் பேனா. இந்தப் பெண்ணிடம் எந்த ஆர்டரும் கிடையாது. இவள் எந்த ரேட்டிலும் கையெழுத்துப் போடுகிறவள் அல்ல. தாளும் பேனாவும் இல்லாமல், அடித்துத் திருத்த முடியாமல், வாயால் சொல்ல வேண்டும்.

"நான் பெட்டி நஸ்ருதீன்மா. மூணு வருஷம் முந்தி, மழையில..."

"தெரியும் சார்." அவள் முகம் இறுகியது. "அன்னிக்கு நீங்க போன்ல, 'எடை பார்க்கத் தெரியாத ஆளையெல்லாம் லேப்ல வச்சிருக்கீங்க'ன்னு கத்தினீங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க."

பேரம் பேசுகிறவனுக்கு இங்கே இடமில்லை.

"கத்தினேன்மா. பெட்டி ஈரம்தான், நீ பார்த்தது சரி. மேடமே இறக்கச் சொன்ன லாரியை, சேர்ந்து மூணு மாசத்துல தடுத்தே பாரு, அந்தத் தைரியம் எனக்கு அந்த வயசுல கிடையாது. இப்பவும் இருக்கான்னு தெரியலை. மாஷா அல்லாஹ், நல்லா செஞ்சே."

அல்லி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"சார், வேற ஏதாவது சாம்பிள் பாஸ் பண்ணணுமா?"

"இல்லம்மா. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் நம்பவில்லை. அவர் நடையில் இறங்கி, கேட்டைத் தாண்டி, ஸ்கூட்டரை எடுக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் உள்ளே ஓடி, பக்கத்து மேசைக்காரியிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.