அடித்த பத்தி

பல்கலைக்கழகத்தில் திருத்திய விடைத்தாளைப் பார்க்க உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். அவன் மனைவி வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை அவளுக்கு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"உள்ள போய் வாயத் தொறந்து பேசுங்க. வீட்ல இருக்குற மாதிரி செவுத்தப் பாத்துட்டு உக்காராதீங்க."

"பேசுறேன்."

"ரெண்டு மார்க்குதான? காய்கறிக்காரன்கிட்ட கொத்தமல்லி கேக்குற மாதிரி கேளுங்க. குடுத்துருவாங்க."

அவன் சிரிக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கில் இரவு முழுவதும் பெட்டிகளை ஏற்றி இறக்கிவிட்டு நேராக இங்கே வந்திருந்தான். விரல் நுனிகளில் இன்னும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. பகல் நேர மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. ஏதாவது ஒரு பட்டம் வேண்டும் என்றார்கள். மற்ற தாள்களையெல்லாம் எப்படியோ தேற்றிவிட்டான். இந்த ஒரு கணிதத் தாள்தான் பாக்கி, தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் குறைந்திருந்தது, அதிலும் இதுதான் கடைசி வாய்ப்பு. இதற்குமேல் எழுத விதிமுறை இடம் கொடுக்காது.

கிடங்குக்குப் போன நாளிலிருந்து அவர்கள் குடும்பம் வாசற்படியில்தான் நடக்கிறது. அவன் உள்ளே வருவான், அவள் வெளியே போவாள். சாவியும் மகளும் கைமாறும். பாதிச் சண்டையைக் காலையில் போட்டால் மீதிச் சண்டையை மாலையில்தான் முடிக்க முடியும்.

திருத்திய ஆசிரியைக்கு அவனைவிட வயது குறைவாக இருக்கும். மேசையில் தாளைத் திருப்பி அவன் பக்கம் வைத்தார். மூக்கடைப்பு. கைக்குட்டையை விரல்களுக்குள்ளேயே வைத்திருந்தார்.

"அஞ்சாவது கேள்விதான? பாருங்க. பத்துக்கு அஞ்சு போட்டிருக்கேன்."

கேள்வி சின்னது. முதல் உறுப்பு ஒன்று. அடுத்த உறுப்பு வேண்டுமென்றால் கையில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி, அதனால் ஒன்றை வகுத்து, வந்ததோடு இன்னொரு ஒன்றைக் கூட்ட வேண்டும். இப்படிப் போகும் வரிசை ஓர் எல்லையில் போய் நிற்கும் என்று நிறுவ வேண்டும்.

அவன் தன் கையெழுத்தைப் பார்த்தான். முதல் பத்தி நினைவுக்கு வந்தது. வரிசை ஏறிக்கொண்டே போகும், மேலே ஒரு கூரை இருக்கும், ஆகவே நிற்கும் என்று எழுதத் தொடங்கியிருந்தான். ஒன்று, ஒன்றரை. மூன்றாவது உறுப்பைப் போட்டதும் 1.4 வந்தது. இறங்கிவிட்டது. அடுத்தது 1.4-க்கு மேலே. ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை, ஊஞ்சல் போல ஆடுகிறது. தேர்வறையில் அதைப் பார்த்ததும், பத்தியின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, வேறு வழியில் ஆரம்பித்திருந்தான்.

"ரெண்டாவது வழி சரிதானே மேடம்? அடுத்தடுத்த ரெண்டு உறுப்போட இடைவெளிய எடுத்தேன். புது இடைவெளி, பழைய இடைவெளிய ஒரு பெருக்கத்தால வகுத்தா வருது. இந்த உறுப்போட ஒண்ணக் கூட்டி, முந்தின உறுப்போடயும் ஒண்ணக் கூட்டி, ரெண்டையும் பெருக்கணும்."

"அதெல்லாம் சரி. அதுக்குத்தான் அஞ்சு."

"உறுப்பெல்லாம் பாசிட்டிவ். அப்போ அந்தப் பெருக்கம் ஒண்ணுக்கு மேல. இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறையுது."

"குறையுது. குறைஞ்சா நின்னுடுமா?"

ஆசிரியை மேசையில் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார்.

"ஒண்ணு, அதோட அரை, அதோட மூணுல ஒரு பங்கு, அதோட கால்னு கூட்டிக்கிட்டே போங்க. இடைவெளி குறைஞ்சுகிட்டேதான் போகும். எங்கயாவது நிக்குதா?"

"நிக்காது மேடம். எல்லையில்லாம போகும்."

"தெரியுதுல்ல? ஒவ்வொரு தடவையும் ஒண்ணுக்குக் கீழன்னா போதாது. எல்லாத் தடவைக்கும் சேத்து ஒரே எண் வேணும், ஒண்ணுக்குக் கீழ. அந்த எண்தான் மொத்த நிரூபணமும். அது உங்க தாள்ல இல்ல."

"இருக்கு."

அவன் விரலை அடித்த பத்தியின் முதல் வரியில் வைத்தான். 'எந்த உறுப்பும் ஒன்றுக்குக் குறையாது' என்று அங்கே இருந்தது. பக்கத்திலேயே காரணமும் ஒழுங்காக எழுதியிருந்தது. உறுப்புகள் ஒன்றுக்குக் குறையாதென்றால், பெருக்கத்தின் இரு பக்கமும் இரண்டுக்குக் குறையாது. பெருக்கம் நான்குக்குக் குறையாது. புது இடைவெளி எப்போதும் பழையதில் கால் பங்குக்கு மிஞ்சாது. கால், காலில் கால், அதிலும் கால். அந்த இடைவெளிகளை எத்தனை சேர்த்தாலும் ஒரு வரம்புக்குள் அடங்கிவிடும். வரிசை ஆடட்டும், ஆடிக்கொண்டே போய் நின்றுவிடும். இரண்டின் வர்க்கமூலத்தில்.

இதெல்லாம் இப்போது, இந்த நாற்காலியில், தண்ணீராய் ஓடியது.

"அது அடிச்ச பத்தி. அடிச்சத நாங்க திருத்தக் கூடாது."

"கோடு ரெண்டாவது வரியிலதான் ஆரம்பிக்குது, மேடம். முதல் வரியில படவே இல்ல. பாருங்க."

ஆசிரியை தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கோடு முதல் வரியின் கடைசி எழுத்தின் அடியில் தொடங்கியிருந்தது. தொட்டதென்றும் சொல்லலாம், தொடவில்லையென்றும் சொல்லலாம். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"சரி," என்றார். "அடிக்கலைன்னே வச்சுக்குவோம். அந்த வரி நிக்குது. ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லுங்க, ரெண்டு மார்க்கும் போட்டுத் தரேன்."

"கேளுங்க மேடம்."

"ஒண்ணுக்குக் குறையாதுன்னு கையில வச்சிருக்கவர், கீழ வந்து ஏன் பாசிட்டிவ்னு மறுபடியும் முதல்லருந்து ஆரம்பிச்சார்? கால்னு எழுத வேண்டிய எடத்துல ஏன் 'ஒன்றுக்குக் கீழ்'னு எழுதினார்?"

அவன் தாளைப் பார்த்தான். கீழே அவன் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'எல்லா உறுப்புகளும் மிகை எண்கள்.' அடிக்கோடு வேறு போட்டிருந்தான். மேல் வரி நின்றிருந்தால் இந்த வரிக்கு வேலையே இல்லை. ஏறுமுகம் பொய் என்று தெரிந்ததும், அதன் பக்கத்தில் இருந்த உண்மையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறான். கோடு எங்கே பட்டதென்பது முக்கியமே இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். நேரமில்லை என்று சொல்லலாம். பிள்ளை இருக்கிறது மேடம் என்றும் சொல்லலாம். எதுவும் கேட்ட கேள்விக்குப் பதிலில்லை.

"அடிச்சதுதான் மேடம்," என்றான்.

ஆசிரியை மூக்கைத் துடைத்துக்கொண்டார். பதிவேட்டை அவன் பக்கம் தள்ளினார். 'பார்வையிட்டேன், மாற்றமில்லை' என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டான்.

"கணக்கு உங்களுக்குத் தெரியுது," என்றார் அவர்.

"இப்பத் தெரிஞ்சு என்ன மேடம்."

மனைவி எழுந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். படி இறங்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

"எழுதுனது தப்பாங்க?"

"சரியாத்தான் எழுதியிருந்தேன். அடிச்சிட்டேன்."

"சரியானத எவனாவது அடிப்பானா?"

"கூட இருந்தது தப்பு. அதோட சேத்து அடிச்சிட்டேன்."

"கேட்டுப் பாத்தீங்களா? கெஞ்சினீங்களா?"

"கெஞ்ச வேண்டிய அவசியமே வரல. தரேன்னுதான் சொன்னாங்க. ஒரு கேள்வி கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல."

"ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல? என்கிட்ட மட்டும் வாய்க்கு வந்ததச் சொல்றீங்க."

பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாலையைப் பார்த்தாள். பகல் இடத்தை யாருக்குக் கொடுப்பார்கள் என்று கேட்டாள். புதிதாகச் சேர்ந்த ஒருவன் இருக்கிறான், பட்டம் வைத்திருக்கிறான் என்றான். வேலை தெரியுமா என்றாள். தெரியாது என்றான்.

அவள் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நானும் ராத்திரி வேலையா எதுக்காவது மாறிக்கட்டுமா?" என்றாள் திடீரென்று. "பெரிய ஆஸ்பத்திரியில கேட்டா குடுப்பாங்க. பகல்லயாச்சும் ஒரே வீட்ல இருக்கலாம்."

"ராத்திரி பிள்ளைய யாரு பாக்குறது?"

அவள் வேலைக்குப் போகவேண்டிய பேருந்து முதலில் வந்தது. ஏறிக்கொண்டாள். அவன் வீட்டுக்குப் போகும் பேருந்து வர நேரமாகும். வந்தால், போய்ப் படுக்க வேண்டும். மாலையில் மறுபடி வேலை.