ஓட்டோடும் சூடோடும்

புதன்கிழமை என்றால் கேன்டீனில் முட்டை. மண்ணூருக்கு அந்தப் பக்கம், லாரிக்கு ஸ்பிரிங் தகடு அடிக்கும் கம்பெனி அது. எண்பத்து நாலாம் வருஷம் அங்கே இரண்டு ஷிப்ட் ஓடியது. பகல் ஷிப்டுக்கு முட்டைக் குழம்பு. பி ஷிப்டுக்கு மாலை ஏழு மணிக்குச் சோறு, சாம்பார், தட்டில் ஓட்டோடு ஒரு முட்டை.

அந்த ஓடு சும்மா வந்ததில்லை. முன்பெல்லாம் பி ஷிப்டுக்கும் உரித்த முட்டைதான் போட்டார்கள். ஆறிப்போய் வழுவழுவென்று இருந்ததைப் பார்த்து, பகலில் மீந்ததை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிற்று. கேன்டீன் கமிட்டி கூடி, பி ஷிப்ட் முட்டை ஓட்டோடும் சூடோடும் தரப்படும் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. அதற்காகச் சமையல்காரி செல்வமேரி, நாலு மணிக்கு முட்டையை வேகவைத்து, அதே தண்ணீரில், அதே அடுப்பின் தணல்மேல் ஏழு மணிவரை விட்டுவைப்பது என்று வைத்துக்கொண்டாள். சூடு குறைந்தால் இன்னொரு விறகைத் தள்ளிக்கொள்ளலாம்.

சேரப்பணஞ்சேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள் அவள். ஏழு வருஷமாக அந்த அடுப்பு அவள் கையில். அவளைப் பற்றி ஒருவருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது மூக்கின் வேலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்பும் புளிப்பும் காரமும் நாக்குக்குத் தெரியும். கடுகு கருகுவதைப் புகையின் நிறத்தில் பிடித்துவிடுவாள். பால் திரிந்ததா என்று விளிம்பைப் பார்ப்பாள். வாசனை மட்டும் இல்லை. பூ, சாணம், மழை, மண்ணெண்ணெய் எல்லாம் ஒன்றுதான். முதலில் அழுகை வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. சமையல்காரிக்கு மூக்கில்லை என்று தெரிந்தால் அடுப்பு போய்விடும் என்பது மட்டும் மிஞ்சியது. அதனால் சொல்லவில்லை.

அறிவிப்பு ஒட்டிய பிறகு வந்த முதல் புதன்கிழமை, ஏழரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பிரஸ் லைனில் வேலை செய்யும் மாரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் வாந்தி எடுத்தான். அவன் பிளந்த முட்டை தட்டில் கிடந்தது. மஞ்சள் கருவைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை வளையம். பக்கத்தில் இருந்தவன் தன்னுடையதைப் பிளந்தான். அதிலும் பச்சை. அப்புறம் வரிசையாக எல்லாரும் பிளந்தார்கள். கந்தக நாற்றம் அடிக்கிறது என்றான் ஒருவன். கூமுட்டை போட்டுவிட்டார்கள் என்றான் இன்னொருவன். கேட்டுக்கு வெளியே இருக்கிற நாய்கூட இதை முகராது என்று ஒரு குரல் வந்தது.

கேன்டீன் சூப்பர்வைசர் சக்ரபாணி வந்தார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். வாழ்நாளில் முட்டையைத் தொட்டதில்லை. முட்டைக் கணக்கைக்கூடத் தட்டை எண்ணாமல், எவ்வளவு என்று கேட்டே எழுதிக்கொள்கிறவர். கெட்ட முட்டை எப்படி இருக்கும், நல்லது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கமிட்டியில் பி ஷிப்டுக்காக இருந்த ஏசுதாஸ் தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினான். அவர் அரையடி பின்னால் நகர்ந்து, தட்டைச் செல்வமேரி பக்கம் காட்டச் சொன்னார்.

"நீயே மோந்து பார்த்துச் சொல்லும்மா. நாத்தமா, இல்லையா?"

அவள் குனிந்தாள். பச்சை வளையம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆவி முகத்தில் பட்டது. வேறொன்றும் வரவில்லை. நிமிர்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்தாள். எல்லா மூக்கும் சுருங்கியிருந்தன. அத்தனை பேருக்கும் தெரிவது தனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆமா சார். நாத்தம்தான்," என்றாள்.

அதுவே அவள் வாக்குமூலம் ஆகிவிட்டது. நாறுகிறது என்று தெரிந்தே போட்டிருக்கிறாள் என்று கூடம் முழுக்கப் பேச்சானது. வெள்ளிக்கிழமை மானேஜர் முன்னால் வந்து நிற்கவேண்டும், அதுவரை அடுப்புப் பக்கம் பார்த்துக்கொள், பிறகு பார்க்கலாம் என்றார் சக்ரபாணி. பிறகு என்றால் இன்னொரு ஆள் என்று அவளுக்குப் புரிந்தது. பாத்திரத்தைக் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை வந்ததும், அதே முட்டைத் தட்டில் வேகவைக்காமல் மீந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் இறக்கிப் பார்த்தாள். கெட்ட முட்டை என்றால் மிதக்கும். ஒன்றும் மிதக்கவில்லை. இரண்டு மட்டும் நுனியில் நின்றன. அவை கொஞ்சம் நாள்பட்டவை. மற்றதெல்லாம் அடியில் படுத்துக்கொண்டன. கெட்டவை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நேற்றுப் பகலுக்கும் இதிலிருந்துதான் எடுத்தாள். கூடவே வேலை பார்க்கும் ஞானம்மாவிடம், பகல் முட்டையை உரிக்கும்போது பச்சை பார்த்தாயா என்று கேட்டாள்.

"இன்னாக்கா, அது பளபளன்னு மஞ்சளா இருந்துச்சி. கொயம்புல போடறப்ப நான்தானே கீறினேன்," என்றாள் ஞானம்மா.

பகல் முட்டை பத்து மணிக்கு வெந்ததும் தொட்டித் தண்ணீரில் கொட்டப்பட்டு உடனே உரிக்கப்பட்டது. மாலை முட்டை மூன்று மணி நேரம் வெந்நீரிலேயே கிடந்தது. அந்த மூன்று மணி நேரம்தான் வித்தியாசம் என்று செல்வமேரிக்குப் பட்டது.

பதினொரு மணிக்கு அவள் முதலுதவி அறைக்குப் போனாள். அங்கே கம்பவுண்டர் கோதண்டம் மட்டும் இருந்தார். மாரியை அவர்தான் பார்த்தவர். அவனுக்கு ஒன்றுமில்லை, முட்டையை வாயிலேயே வைக்கவில்லை, பார்த்ததிலும் பயத்திலுமே குடல் புரண்டுவிட்டது என்றார். சாப்பிட்ட நாலைந்து பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவள் தணல் விஷயத்தைச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளைக்கருவுல கந்தகம் கீதும்மா. மஞ்சள்ல இரும்பு. ரொம்ப நேரம் சூட்டுல வச்சா கந்தகம் வாயுவா கெளம்பி மஞ்சள் ஓரத்துல இரும்போட சேந்துக்கும். அதான் அந்தப் பச்சை. அந்த வாசனையும் அதுதான். முட்டை கெட்டுப்போனதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கொஞ்சம் பழசாச்சுன்னா இன்னும் சீக்கிரம் வரும், அவ்ளோதான்."

இதை மானேஜரிடம் எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டாள். எழுதினால் நம்பமாட்டார்கள், அவர்கள் கண் முன்னால் செய்துகாட்டு என்றார்.

அன்று மூன்று மணிக்கு ஏசுதாஸும் சக்ரபாணியும் கோதண்டமும் சமையல் கட்டில் நின்றார்கள். ஒரே முட்டைத் தட்டிலிருந்து பன்னிரண்டை ஏசுதாஸே பொறுக்கினான். கொதி வந்து பத்து நிமிஷம் ஆனதும் ஆறு முட்டையை எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் போட்டாள். மற்ற ஆறும் தணலில் இருந்தன. ஒன்றரை மணி நேரம். சக்ரபாணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ஷெட்டிலிருந்து சுத்தியல் விழும் ஓசை வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஏசுதாஸ் உரித்தான். குளிர்ந்த ஆறும் சுத்த மஞ்சள். தணல் முட்டை ஆறும் பச்சை. ஒன்றைப் பிளந்து மூக்கருகே கொண்டுபோனான். நேற்றைய வாசனையேதான் என்றான். கோதண்டம் அவன் கையிலிருந்து பாதியை வாங்கி வாயில் போட்டு மென்றார். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மீதியைத் தின்றான்.

"அப்ப ஓட்டோட சூடா குடுன்னு நாம கேட்டதாலதான் இது. கெட்டுது போ," என்றான். முகத்தில் ஒரு வெட்கம் வந்து போயிற்று. செல்வமேரியிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தான். நாளை மானேஜரிடம் தானே பேசுவதாகச் சொன்னான். சக்ரபாணி பெருமூச்சு விட்டார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஏசுதாஸ் கமிட்டி ஆள். ஷெட்டுக்குப் போனால் தொண்ணூறு பேருக்குப் பதில் சொல்லவேண்டும். பச்சை இருந்தால் கெட்டதில்லை, சரி. நிஜமாகவே கெட்டது வந்தால் எப்படித் தெரியும் என்று கோதண்டத்தைக் கேட்டான்.

"ஒடைச்சவுடனே தெரிஞ்சிடும்பா. அது இந்த வாசனை இல்ல. அடுப்பங்கரையிலயே நிக்க முடியாது. வேகவைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு ஒடைச்சுப் பாக்கலாம், வெந்தப்புறமும் மோந்து பாக்கலாம். கண்ண நம்பாத. மூக்கு போதும்."

ஏசுதாஸுக்கு வழி கிடைத்துவிட்டது. அவன் செல்வமேரியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இப்போது மரியாதை இருந்தது.

"அக்கா, இனிமே புதன்கிழமை புதன்கிழமை நீங்க மோந்து பாத்து நோட்டுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. அக்கா மோந்துட்டாங்கன்னா எங்களுக்கு வேற பேச்சே இல்ல."

நல்ல யோசனை என்றார் சக்ரபாணி. நோட்டு வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

செல்வமேரி உரித்த ஓடுகளை ஒரு கையால் மேஜை ஓரத்துக்கு ஒதுக்கினாள். சரி என்று சொன்னால் போதும். ஞானம்மாவை முகரச் சொல்லிவிட்டுத் தான் கையெழுத்துப் போடலாம். ஞானம்மா வராத புதன்கிழமை ஒன்று வரும். அன்றைக்குத் தொண்ணூறு பேர் இவள் மூக்கை நம்பிச் சாப்பிடுவார்கள். நேற்று ஒரு தடவை தனக்குத் தெரியாத வாசனையை உண்டு என்று சொன்னாள். இனி இருக்கும் நாற்றத்தை இல்லை என்று சொல்லவேண்டி வரும். ஷெட்டுச் சுத்தியல் விழுந்தது, விழுந்தது.

"எனக்கு வாசனை தெரியாது தம்பி," என்றாள். "ரெண்டு வருசமா."

யாருக்கும் முதலில் புரியவில்லை. அப்படியானால் நேற்று நாற்றம் என்று சொன்னாயே என்றார் சக்ரபாணி. நீங்கள் எல்லாரும் மூக்கைச் சுருக்கினீர்கள், அதைப் பார்த்துச் சொன்னேன் என்றாள். ஏசுதாஸ் தரையைப் பார்த்தான். கோதண்டம் மட்டும் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றாள். அவர் தலையசைத்தார், வைத்தியம் எதுவும் சொல்லவில்லை.

சக்ரபாணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஏதாவது தோன்றியிருக்கும். நாளையிலிருந்து ஞானம்மா அடுப்பில் நிற்கட்டும், நீ உரிப்பது நறுக்குவது பார்த்துக்கொள், மானேஜரிடம் நான் பக்குவமாகச் சொல்கிறேன் என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் தவறும் இல்லை. அவள் சரி சார் என்றாள். எரிந்துகொண்டிருந்த கட்டையை அவளே வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். சாம்பல் பறந்தது.

அடுத்த புதன்கிழமை அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. பி ஷிப்ட் முட்டையைக் குளிர்ந்த நீரில் போட்டு உரித்துத் தருவது என்று கமிட்டி எழுதியிருந்தது. ஆறு மணிக்குச் செல்வமேரி முக்காலியில் உட்கார்ந்து தொண்ணூறு முட்டை உரித்தாள். அடுப்புப் பக்கத்திலிருந்து ஞானம்மா ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து, நோட்டில் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஏழு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். மாரி தன் முட்டையைப் பிளந்து பார்க்காமல் முழுதாக வாயில் போட்டுக்கொண்டான். வரிசை நகர்ந்தது. விரல் நகத்தடியில் சிக்கியிருந்த ஒரு ஓட்டுத் துண்டை அவள் எடுத்துப் போட்டாள்.