உறைபனி நாளின் இஞ்சி சோடா

ராகலையில் அன்று விடியும்போது தேயிலைச் செடிகளின்மேல் உறைபனி படிந்திருந்தது. சோடாக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நிஷாந்தி அதைப் பார்த்ததும் வழியிலேயே நின்றுவிட்டாள். மலைச்சரிவு முழுக்க வெளுத்துக் கிடந்தது. வெயில் எட்டிப் பார்க்கும் இடங்களில் மட்டும் பச்சை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. இடையில் போன் அடித்தது. தண்ணீர் நிரம்பிவிட்டது, கேஸை எந்த அளவில் வைப்பது என்று மிஷின் ஓட்டும் செல்லசாமி கேட்டார். வழக்கம் போல வைங்கண்ணே என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடி மலையைப் பார்த்தாள்.

அந்தச் சிறிய கம்பெனியில் பானத்தின் தரத்துக்குப் பொறுப்பு அவள்தான். ரசாயனம் படித்தவள். நடத்துபவர், நிஷாந்தி அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் உம்மு குல்சும். கணவர் மவுத்தான பிறகு மிஷின்களையும் லொறியையும் தானே பார்த்துக்கொள்ளும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. அன்று நிரப்பிய இஞ்சி சோடா புத்தளத்தில் நடக்கும் அவருடைய தங்கை மகள் ஷஸ்னாவின் கல்யாணத்துக்கு. கல்யாணம் நாளை மறுநாள். எட்டு மணிக்கெல்லாம் யோகேஸ்வரன் லொறியை எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டான்.

பத்து மணிக்குத்தான் நிஷாந்தி பதிவுப் புத்தகத்தைத் திறந்தாள். தண்ணீரின் வெப்பநிலை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. வெளியே திறந்த வெளியில் நிற்கும் தொட்டியில் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். ஏழு பாகை. அதுவும் வெயில் ஏறி இரண்டு மணி நேரம் கழித்து. அப்படியானால் நிரப்பும்போது ஐந்தாக இருந்திருக்கும்.

அங்கே குளிரூட்டும் மிஷின் கிடையாது. ஊற்றுத் தண்ணீர் எப்போதும் பதினைந்து பாகையை ஒட்டியே இருக்கும் என்று நம்பி வைத்த அளவுதான் அவர்களுடைய வழக்கமான அளவு. அழுத்தமானியில் 2.2. வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்றுதான் அந்த முள் காட்டும். ராகலை உயரத்தில் காற்றின் அழுத்தம் 0.8. இரண்டையும் கூட்டினால் மூன்று வளிமண்டலம். பதினைந்து பாகையில், ஒவ்வொரு வளிமண்டல அழுத்தத்துக்கும் ஒரு லீட்டர் தண்ணீர் இரண்டு கிராம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். அழுத்தம் மூன்று மடங்கானால் கரைவதும் மூன்று மடங்கு, ஆறு கிராம். குளிர்ந்த தண்ணீரோ இன்னும் ஆசையாக வாங்கிக்கொள்ளும். ஐந்து பாகையில் வளிமண்டலத்துக்கு 2.8 கிராம். மூன்றால் பெருக்கினால் 8.4.

மூடி இறுக்கிய போத்தலுக்குள் போன வாயு வெளியே வர வழியில்லை. புத்தளத்தில் முப்பத்தைந்து பாகை வெயில். அந்தச் சூட்டில் தண்ணீரால் வளிமண்டலத்துக்கு 1.1 கிராம்தான் தாங்க முடியும். ஆறு கிராம் இருந்தால் உள்ளே அழுத்தம் ஐந்தரை ஆகும். 8.4 கிராம் இருந்தால் ஏழரைக்கு மேல் போகும். திரும்பத் திரும்பக் கழுவி எடுக்கும் பழைய கண்ணாடிப் போத்தல்களுக்கு ஆறரைக்கு மேல் கூடாது என்று உம்மு குல்சுமின் கணவர் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்.

யோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள். அவன் அப்போது ஹட்டனை நெருங்கியிருந்தான். எங்கேயாவது மர நிழலில் நிறுத்தி, சாக்கை நனைத்துப் பெட்டிகள்மேல் போட்டுவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னாள். பிறகு உம்மு குல்சுமிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். உறைபனியைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னாள்.

உம்மு குல்சும் திட்டவில்லை. தண்ணீர் ஐந்து பாகையில் இருந்ததை யார் பார்த்தது என்றுதான் கேட்டார். யாரும் பார்க்கவில்லை, நிஷாந்தியின் ஊகம்தான். ஒரு ஊகத்துக்காகக் கல்யாணச் சரக்கைத் திருப்பி எடுப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வேனின் சாவியை எடுத்தார்.

வேன் நுவரெலியாவைத் தாண்டி இறங்கியபோது மூடுபனி பாதையை மறைத்திருந்தது. உம்மு குல்சும் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினார். தேயிலை மலைகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மிதந்து வந்து மறுபடி கரைந்து போயின. எங்கோ தூரத்தில் கொழுந்தெடுக்கும் பெண்களின் பேச்சுக்குரல் கேட்டது. ஆட்களைக் காணவில்லை. இந்த மலைநாடே ஒரு பெரிய போத்தல் என்றும், தானும் ராத்தாவும் வேனும் அதற்குள் கரைந்து கிடப்பதாகவும் நிஷாந்திக்கு ஒரு மயக்கம் வந்தது. மடியில் இருந்த காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். ஹட்டனில் போத்தல் இருபது பாகையில் இருந்தால், வளிமண்டலத்துக்கு 1.7 கிராம் கரையும்; அங்கே காற்றின் அழுத்தம் 0.86, அதைக் கழித்தால் வழக்கமான சரக்குக்கு முள் 2.7-இல் நிற்க வேண்டும். அவள் பயப்படுவது உண்மையானால் நாலுக்குப் பக்கத்தில் நிற்கும்.

லொறி பாதையோரம் ஒரு பெரிய மரத்தடியில் நின்றது. யோகேஸ்வரன் எட்டத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான்.

நிஷாந்தி முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, ஒரு போத்தலைத் துணியில் சுற்றி எடுத்தாள். வெப்பமானியைப் பக்கத்துப் போத்தலோடு ஒட்டிக் கட்டி வைத்துப் பார்த்தாள். சரியாக இருபது. மூடியைத் துளைத்து அளக்கும் அழுத்தமானியைப் பொருத்தினாள். முள் ஏறி நின்ற பிறகு போத்தலைக் குலுக்கினாள். இன்னும் ஏறியது. மறுபடி குலுக்கினாள். 2.7-ஐத் தாண்டிப் போய் 3.9-இல் நின்றது. அதற்குப் பிறகு எவ்வளவு குலுக்கியும் அசையவில்லை.

காகிதத்தை உம்மு குல்சுமிடம் நீட்டினாள். அவர் எழுதியிருந்ததையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு போட்டிருக்கீங்க. இதுல கொஞ்சம் கொறையுது."

"போத்தல் கழுத்துல காலி இடம் இருக்குல்ல ராத்தா. கொஞ்சம் கேஸ் அங்க ஏறி நிக்குது. அதான் கொறையுது."

"அப்ப இது புத்தளம் போனா?"

"வெடிச்சாலும் வெடிக்கும். வெடிக்காமலும் இருக்கலாம். யாரு கையில வெடிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

உம்மு குல்சும் லொறியைப் பார்த்தபடி நின்றார். கல்யாண வீட்டில் போத்தல்களை எடுத்துக் கொடுப்பது யாராக இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். யோகேஸ்வரனைக் கூப்பிட்டு லொறியைத் திருப்பச் சொன்னார். அவனுக்கு முகம் வாடியது. பெட்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சீட்டில் ஏறினான். மேலே ஏற ஏறக் குளிரும், குளிரக் குளிர வாயு தண்ணீருக்குள்ளேயே அடங்கிக்கொள்ளும், பயப்படாமல் வாங்க என்று நிஷாந்தி அவனுக்கு விளக்கினாள்.

திரும்பும் வழியில் உம்மு குல்சும் சொன்னார்.

"நீங்க சொல்லாம உட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, மகள்."

நிஷாந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே, புதுச் சரக்கு நிரப்புவதற்காக அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் ஆறு பாகையில் இருந்தது. அந்தக் குளிருக்கு ஆறு கிராம் கரைய எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து, முள்ளை 1.4-இல் வைக்கச் சொன்னாள். செல்லசாமி இவ்வளவு கம்மியாகவா என்று சந்தேகப்பட்டார். முதல் போத்தலை அளந்து காட்டிய பிறகுதான் மிஷினை ஓட்டினார். எட்டு மணிக்கு லொறி மறுபடி புறப்பட்டது.

அதற்கடுத்த நாள் மாலையில் புத்தளத்திலிருந்து உம்மு குல்சும் பேசினார். அங்கே வெயில் கொளுத்துகிறது என்றும், ஒரு போத்தல்கூட வெடிக்கவில்லை என்றும், மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள் என்றும் சொன்னார். பின்னால் பிள்ளைகளின் சிரிப்பும், மூடி திறக்கும்போது எழும் மெல்லிய சீறலும் கேட்டன. நிஷாந்தி போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.