ஏணைத் துணி

இலங்கை சுதந்திரம் பெற்ற வருடத்து நோன்பில் முப்பதையும் கைறுன்னிஸா விடாமல் பிடித்தாள். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. அவளுக்கு அப்படி ஒரு நாளும் வரவில்லை.

“என்னகா மச்சி, ஆம்புளையள் மாதிரி முப்பதும் பிடிச்சிட்டாய்!” என்று சிரித்தாள் அவளது நாத்தனார் றஸீனா.

கைறுன்னிஸாவும் சிரித்தாள். கலியாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. மாசி மாதத்தில் வயிற்றுவலி தாங்காமல் கல்லடிப் பாலம் கடந்து பட்டணத்து ஆசுபத்திரிக்குப் போனபோது, வயிற்றைக் கீறிக் கட்டியை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சூடு. நெஞ்சில் கிளம்பிக் கழுத்தைச் சுட்டு, முகத்தைச் சிவக்கவைத்து, பிறகு வேர்வையாகக் கொட்டும். பாய் நனைந்து எழும்புவாள். விரல் மூட்டுகள் நொந்தன. கணவன் உசனார் அருகில் வந்தாலும் உடம்பு வறண்டு வலித்தது.

நோன்புப் பெருநாள் முடிந்ததும் அதே ஆசுபத்திரி டாக்டர் ஞானமலரிடம் போனாள். டாக்டர் இரண்டு வகைக் குளிசை கொடுத்தார்.

“முதல்ல வயித்தப் பிரட்டும், சோறு திண்டிட்டுப் போடுங்க. மூணு கிழமைக்கு, இருபத்தொரு நாளும், இது. கடைசிப் பத்து நாளைக்கு மற்றதையும் சேருங்க. பிறகு ஒரு கிழமை ரெண்டையும் விடுங்க. அப்ப இரத்தம் வரும், பயப்படாதீங்க.”

இரத்தம் வரும் என்ற சொல்லை மட்டும் கைறுன்னிஸா வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

சூடு மெல்ல அடங்கியது. குளிசையை விட்ட சில நாளில் இரத்தமும் வந்தது. அன்று அவள் தொழுகைப் பாயை விரிக்கவில்லை. றஸீனாவுக்கு அது போதும்.

“அல்லாஹ் கண்ணத் திறந்திட்டான்! இனி என்ன, மாமியாகப் போறன்.”

உசனார் நெய்துகொண்டிருந்த தறிக்குப் பக்கத்தில் கைறுன்னிஸா போய் நின்றாள்.

“இஞ்சேருங்க, அடுத்த பாவில புள்ளைய ஆட்ட ஒரு ஏணைத் துணி நெய்யுங்களன். மெல்லிய நூலில.”

உசனாரின் கை நின்றது. கட்டியோடு இரண்டு சூலகத்தையும் எடுத்தாயிற்று, இனிப் பிள்ளை இல்லை என்று ஆசுபத்திரியிலேயே அவனிடம் சொல்லியிருந்தார்கள். சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன கரை போட?” என்று கேட்டான்.

“பச்சை.”

இரண்டாம் முறையும் இரத்தம் வந்த பிறகு அவள் டாக்டரிடம் போனாள்.

“புள்ளை தங்கினா குளிசை கூடாதுதானே? எப்ப நிப்பாட்ட?”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார்.

“உங்கட வீட்டுக்காரர் ஒண்டும் சொல்லல்லையா?”

பிறகு டாக்டரே சொன்னார். “கட்டி ரெண்டு சூலகத்திலயும் இருந்தது. ரெண்டையும் எடுத்திட்டாங்க. கருமுட்டை அதுக்குள்ளதான் இருக்கும். கருப்பை மட்டும் இரிக்கி. குளிசை அதுக்குள்ள ஒரு படலத்த வளர்க்கும். விட்டா அது கழண்டு வரும். அந்த இரத்தத்தால புள்ளை வராது, மகள்.”

“புள்ளைக்கு மருந்து இல்லையா?”

“இல்ல.”

வெளியே வாவிக் காற்று சன்னலை அடித்தது. கைறுன்னிஸா முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அதை எடுத்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப எனக்கு எதுக்கு இந்தக் குளிசை?”

“உங்களுக்கு இருபத்தாறு வயசு. மத்தப் பொம்புளைகளுக்கு ஐம்பதளவில மெல்ல நிக்கிறது, உங்களுக்கு ஒரே நாளில நிண்டு போச்சு. சூடு மட்டும் இல்ல, எலும்பும் வயசுக்கு முந்தி வெள்ளனத் தேயும். அந்த வயசு வரைக்குமாவது சூலகம் தந்தத வெளியில இருந்து குடுக்கப் பார்ப்பம். கருப்பை இரிக்கிறதால அந்தப் பத்து நாளும் ரெண்டாவது குளிசைய விடவே கூடாது. விட்டா படலம் தடிச்சிப் போகும். குளிசை போடுற நாளில இரத்தம் கண்டாலும், மார்பில கட்டி தட்டுப்பட்டாலும் உடனே வாங்க.”

வீட்டில் உசனார் தறியில் இருந்தான். பச்சைக் கரை முக்கால்வாசி வந்திருந்தது.

“தெரிஞ்சிதானா நெய்தீங்க?”

அவன் தலை குனிந்தது. “நீ கேட்டாய். இல்ல எண்டு சொல்ல வாய் வரல்ல. அறுத்திடட்டா?”

“வேணாம். பாதியில நிக்கிறதப் பார்க்க ஏலாது. முடிங்க.”

முடிந்த துணியைத் தறியிலிருந்து இறக்கிய அன்று, வீட்டுக் கூரையின் வளை மரத்தில் அவளே ஏணையைக் கட்டினாள். உசனார் வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. அவள் கீழே உட்கார்ந்து ஒருமுறை ஆட்டினாள். பாரம் இல்லாததால் அது கோணலாகப் போய்ச் சுவரில் தட்டித் திரும்பியது. இன்னொரு முறை ஆட்டினாள். தானாக நிற்கும் வரை பார்த்திருந்தாள்.

பிறகு அவிழ்த்து, கரை வெளியே தெரிய மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

“சோறு போடட்டா?” என்று உசனாரைக் கேட்டாள். “திண்டிட்டு நான் குளிசை போடணும்.”