ஹெல்மெட்டுக்குள் ஒரு வாழ்த்து

மிளகாய்க்குத் திங்கட்கிழமையோடு பதினைந்து வயது முடிகிறது. அந்தப் பெயரை வைத்தது அப்பாதான். சின்ன வயதில் செல்லமாக வைத்தார், இப்போது பார்த்தால் பொருத்தமாகவே வைத்திருக்கிறார். அந்தப் பெண் வாயைத் திறந்தால் வீட்டில் யாருக்காவது கண் எரியும். பெரும்பாலும் எரிவது அப்பாவின் இரண்டாம் மனைவிக்கு.

அவளுக்கும் இந்த வீட்டில் ஒரு பெயர் உண்டு, புகார் மேடம். வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் சர்வீஸ் சென்டரில் புகார் பிரிவில் வேலை. காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை, தண்ணீர் ஒழுகுது, டிரம் சுத்தல, உங்க மெக்கானிக் ஒரு முட்டாள் என்று ஊரெல்லாம் கத்தும். அதையெல்லாம் காதில் வாங்கிப் பதில் எழுதுவது அவள் பொறுப்பு. ஆபீஸில் கூப்பிடும் பெயரை ஒருநாள் போனில் கேட்டுவிட்டது பெண். அன்றிலிருந்து அதே பெயர்தான். சித்தி என்ற வார்த்தை ஒருமுறைகூட அவள் வாயிலிருந்து விழுந்ததில்லை.

விழாது. அதற்குப் போன வருடப் பிறந்தநாள் காரணம்.

மிளகாயின் அம்மா வேறொரு ஊரில் இருக்கிறாள். விவாகரத்தாகி ஐந்து வருடம். என்ன சண்டையோ, யார் தப்போ, அது போகட்டும். ஒவ்வொரு பிறந்தநாளும் காலை ஏழு மணிக்கு அம்மா போன் செய்வாள். அதற்கு முன் யாரும் வாழ்த்துச் சொல்லக் கூடாது. அப்பாகூட ஏழேகால் வரை வாயை மூடிக்கொண்டு பல் தேய்ப்பார். இது அந்த வீட்டுச் சட்டம். புதிதாக வந்தவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவளோ ஆசை ஆசையாகக் காலை ஆறு மணிக்கே குடும்ப வாட்ஸப் குரூப்பில் பத்து வரி, நான்கு இதயம், கீழே 'உன் அம்மா' என்று போட்டுத் தள்ளிவிட்டாள். பெரியப்பா வீட்டிலிருந்து கைதட்டல் வேறு.

பதில் உடனே வந்தது. அதுவும் குரூப்பிலேயே. "எனக்கு அம்மா ஒருத்திதான். நீங்க அப்பாவோட பொண்டாட்டி." அப்புறம் பெண் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டது. பத்து பேர் பார்க்க வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இந்த வருடம் விஷயம் இன்னும் மோசம். ஹாஸ்டலில் சேர ஒரு விண்ணப்பத்தைப் பள்ளியிலிருந்து வாங்கி வந்து ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டாள் மிளகாய். அப்பா கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் பிறந்தநாளுக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமை. பஸ் ஓட்டுகிற மனிதர், எந்த நெரிசலிலும் சந்து கண்டுபிடிப்பவர், இதில் மாட்டிக்கொண்டார். "உன் பிறந்தநாள் அன்னைக்குப் போடறேன்" என்று தள்ளிவைத்தார், பெண் மறந்துவிடும் என்ற நப்பாசையில். மிளகாயா மறப்பாள்?

ஞாயிறு மதியம் மனைவியை அடுக்களையில் பிடித்தார்.

"நீ அவளுக்கு ஒரு மெசேஜ் எழுது. உருக்கமா. போகாதம்மா, நீ இல்லாம வீடு வீடா இருக்காதுன்னு. நானே எழுதி வச்சிருக்கேன், பாரு."

பார்த்தாள். இரண்டு பக்கம். மூன்று இடத்தில் 'பெற்றால்தான் பிள்ளையா' வந்தது.

"இத அனுப்பினா இன்னைக்கே பெட்டியைத் தூக்கிருவா."

"அப்ப என்ன பண்றதா உத்தேசம்? அவ போனா ஊர் உன்னைத்தான் பேசும். சித்தி வந்தா, பிள்ளைய விரட்டினான்னு."

"பேசட்டும். அந்தப் பயத்துலதான் போன தடவை முந்திக்கிட்டு எல்லாத்தையும் குட்டிச்சுவரு ஆக்கினேன். நாளைக்கு நீங்க கையெழுத்துப் போட்டு ஃபார்ம அவ கையில குடுங்க."

"உனக்கு அவ போகணும். அதானே?" குரல் எகிறியது.

கரண்டியைக் கீழே வைத்தாள். "வாயை அளந்து பேசுங்க. அவ போனா எனக்கு நெஞ்சு வெடிக்கும். ஆனா வாக்கு குடுத்தது நீங்க. பிறந்தநாள் அன்னைக்கு வாக்கு மாறிட்டு, அதே நாள்ல நான் போய் அன்பு அன்புன்னு நின்னா, மூஞ்சியில துப்புவா. நானா இருந்தாலும் துப்புவேன்."

அவர் கதவை அறைந்துவிட்டு வெளியே போனார். ஹாலிலிருந்து மிளகாயின் குரல்: "சண்டை போடறதா இருந்தா சத்தமா போடுங்க. பாதி கேக்கல." கொழுப்பைப் பாருங்கள்!

அவர் போனதும் புகார் மேடம் மேசையில் பேப்பரோடு உட்கார்ந்தாள். போன் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டாள். மெசேஜ் அனுப்பினால் நீல டிக் விழும். படித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும், அப்புறம் பதில் போட்டே ஆக வேண்டும் என்று ஆகிவிடும். பேப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. கிழித்துப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

'உன்னை என் சொந்த மகளாகவே நினைக்கிறேன்' என்று ஆரம்பித்தாள். அடித்தாள். நான் நினைத்தால் ஆச்சா, அவளை யாராவது கேட்டார்களா? 'எப்போது வேண்டுமானாலும் என்னிடம் பேசலாம், காத்திருக்கிறேன்' என்று எழுதினாள். அதையும் அடித்தாள். காத்திருக்கிறேன் என்று சொல்வதும் ஒரு நச்சரிப்புதான். 'என்னை மன்னித்துவிடு' என்று எழுதினாள். பேனா நின்றது. கோபமாக இருக்கிற ஆளிடம் மன்னிக்கச் சொல்லிக் கேட்டால், தப்பு செய்தது நாம், வேலை அவர்களுக்கு. தினம் நாற்பது பேரிடம் திட்டு வாங்குகிறவளுக்கு இது தெரியாதா? என்ன தப்பு நடந்தது என்று சொல், இனி என்ன செய்வாய் என்று சொல், செய்ய முடியாததைச் சொல்லாதே, கடைசியில் திருப்தியா என்று கேட்கவே கேட்காதே. ஆபீஸில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது. வீட்டுக்கு வந்ததும் மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறாள் போல.

அப்புறம் யோசித்தாள், இந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு உண்மையாகவே என்ன தெரியும்? அறிவு, அழகு என்று அளந்துவிட்டால் பொய் என்று மோப்பம் பிடித்துவிடுவாள். போன வாரம் ஹால் மின்விசிறி கடகடவென்று உயிரை வாங்கியது. மிளகாய் யாரிடமும் பேசாமல் ஸ்டூல் போட்டு ஏறி, கழற்றி, எண்ணெய் விட்டு, மாட்டிவிட்டு இறங்கினாள். அவ்வளவுதான் தெரியும். அதையே எழுதினாள்.

'பிறந்தநாள் வாழ்த்து. போன வருஷம் உங்க அம்மாவுக்கு முன்னாடி நான் முந்திக்கிட்டது தப்பு. உன் அம்மான்னு கையெழுத்துப் போட்டதும் தப்பு. இனி ரெண்டும் நடக்காது. நீ சரி பண்ணினதுலேர்ந்து ஃபேன் சத்தம் போடல. நன்றி. எங்க சென்டர்ல பழைய வாஷிங் மெஷின் மோட்டார் ஒண்ணு சும்மா கிடக்கு. பிரிச்சுப் பாக்கணும்னா சொல்லு. வேணாம்னா ஒண்ணும் சொல்ல வேணாம். இதுக்குப் பதிலும் வேணாம்.'

ஹாஸ்டலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. போகாதடி, இங்கேயே இருடி என்று எழுதக் கை துடித்தது. எழுதவில்லை. கீழே பெயர் போடும்போது கொஞ்ச நேரம் முழித்தாள். அம்மா இல்லை, சித்தி என்ற பெயரை அவள் தரவில்லை. கடைசியில் 'புகார் மேடம்' என்று போட்டாள். அவள் கூப்பிடும் பெயர்தானே.

திங்கள் காலை ஏழு மணிக்குப் பால்கனியில் மிளகாயின் போன் அடித்தது. புகார் மேடம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், ஒட்டுக்கேட்கிறாள் என்ற பேச்சே வேண்டாமென்று. பேச்சு முடிந்த பிறகுதான் வெளியே வந்தாள். வாசலில் செருப்பு அலமாரி மேல் மிளகாயின் சைக்கிள் ஹெல்மெட் கவிழ்ந்து கிடந்தது. அறைக்குள் நுழைந்தால் சண்டை. கையில் கொடுத்தால் முகத்தைப் பார்க்க வேண்டும். பேப்பரை மடித்து ஹெல்மெட்டுக்குள் வைத்தாள். தெருவில் தனியாக நின்று படிக்கட்டும், படிக்காமல் சாக்கடையில் போடட்டும்.

அப்பா எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மிளகாய் அதை வாங்கி, அப்பாவைப் பார்த்தாள், அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

"இதுல என்ன சதி?"

"ஒரு சதியும் இல்ல. உன் இஷ்டம்" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாலை வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய் "குழம்புல உப்புக் கடையையே எடுத்துக் கொட்டிட்டீங்களா?" என்றாள். புதன் அதுவும் இல்லை. கணவர் ஒவ்வொரு நாளும், "பாத்தியா? பாத்தியா?" என்று உசுப்பினார். "வாயை மூடிட்டு இருங்க" என்றாள் புகார் மேடம். படித்தாளா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன? நாக்கு நுனி வரை வந்ததை இரண்டு தடவை விழுங்கினாள்.

வியாழன் காலை ஆபீஸுக்கு நடக்கும்போது ஷூவுக்குள் ஏதோ குத்தியது. கல் என்று நினைத்து நொண்டிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்து கழற்றினாள். நான்காக மடித்த பேப்பர். அவள் எழுதிய அதே பேப்பர். திட்டி எழுதித் திருப்பி அடித்துவிட்டாள் என்று நினைத்தாள். பின்பக்கம் ஒரே வரி இருந்தது.

'எத்தனை வாட்?'

போனில் ஒருவர் தண்ணீர் ஒழுகுவதாகக் கத்திக்கொண்டிருந்தார். "சார், ஒழுகட்டும் சார், சரி பண்ணிடலாம்" என்றாள் இவள் சிரித்துக்கொண்டே. அவர் இன்னும் கத்தினார்.

பதிலுக்கு நான்கு வரி எழுதினாள். சந்தோஷம் என்று ஒரு வரி, கண்ணம்மா என்று ஒரு வரி. எல்லாவற்றையும் கிழித்தாள். 'முந்நூறு வாட். ஷாக் அடிக்காம இருக்க கப்பாசிட்டரைக் கழட்டிட்டுத் தருவாங்க. சனிக்கிழமை கொண்டு வரேன்' என்று எழுதி அன்று மாலை ஹெல்மெட்டுக்குள் போட்டாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. விண்ணப்பத்தைக் கொடுத்தாளா என்று யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்க வாயெடுத்தார், மனைவி அவர் காலை மிதித்தாள்.

சனிக்கிழமை மதியம் மோட்டாரைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தவளுக்குத் தோள் கழன்றுவிட்டது. ஹாலில் மிளகாய் ஸ்பேனர் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"இவ்ளோ லேட்டா? புகார் குடுக்கணும் போலிருக்கே."

"வெயிட்டு. எங்க வைக்கட்டும்? தரையெல்லாம் எண்ணெய் ஆகும்."

"இருங்க." மிளகாய் தன் பையைத் துழாவினாள். ஒரு தாளை எடுத்துத் தரையில் விரித்தாள். "இது மேல வைங்க."

புகார் மேடம் குனிந்தாள். தாளில் பள்ளியின் முத்திரை, ஹாஸ்டல் என்ற தலைப்பு, கீழே கணவரின் கோணல் கையெழுத்து. மோட்டாரை அதன் மேல் வைத்தாள். எண்ணெய் மெல்லக் கையெழுத்து வரை பரவியது.

மிளகாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் போல்ட்டைத் திருகிக்கொண்டே முறைப்பாகச் சொன்னாள்:

"தரையில கறை பட்டா நீங்க கத்துவீங்க. அதான்."

"நான் எப்பம்மா கத்தினேன்?"

"இதுவரைக்கும் இல்ல. இனிமே கத்துவீங்கல்ல."