ஆன்டெனா எந்தப் பக்கம்

"அனைவருக்கும் வணக்கம்" என்று மைக்கில் சொல்லும்போது மணி பத்து ஐந்து. வெள்ளிமலை பஸ் வந்திருக்கவில்லை. ஒன்பதரைக்குக் கள்ளக்குறிச்சி நிலையத்துக்கு வந்து சேர வேண்டிய பஸ் அது. அது வராவிட்டால் பச்சையம்மாள் வரமாட்டாள். அவள் வராவிட்டால் இந்தப் போட்டியை நான் நடத்துவதே தண்டம்.

இதை மைக்கில் சொல்ல முடியுமா? குவிஸ் மாஸ்டர் நடுநிலையானவன். இயற்பியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கிற அய்யனார் என்ற எனக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்று யாரும் இருக்கக் கூடாது. அதனால் வரவேற்புரையை இழுத்தேன்.

"துறைகளுக்கு இடையிலான தொலைக்காட்சி வினாடி வினா 1994-க்கு உங்களை வரவேற்கிறேன். தொலைக்காட்சி நம் வீட்டுக்குள் வந்த விருந்தாளி. இப்போது விருந்தாளி வீட்டுக்காரர் ஆகிவிட்டார்." யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை. முதல் வரிசையில் கல்லூரி முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடையில் ஆறு துறைகளுக்கு ஆறு மேசைகள், மேசைக்கு இரண்டு நாற்காலிகள். வரலாற்றுத் துறை மேசையில் சுப்புராயன் மட்டும் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பச்சையம்மாளின் நாற்காலி காலி. வெற்றி பெறும் இருவரைச் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தைச் சுற்றிப் பார்க்கக் கல்லூரிச் செலவில் அழைத்துப் போவோம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மறுநாளே பேர் கொடுத்தவள் பச்சையம்மாள்தான். "படம் எங்கேந்து கிளம்புதுன்னு ஒரு தபா பாக்கணும் சார்" என்றாள். கல்வராயன் மலை மேல் அவள் ஊர்ப் பஞ்சாயத்து டி.வி. அறையின் சாவி அவளிடம்தான் இருந்தது. கல்லூரி விடுமுறைக்குப் போனால் பெட்டியைப் போடுவது, அணைப்பது, ஆன்டெனாக் கம்பத்தைத் திருப்புவது எல்லாம் அவள் வேலை.

விதிகளுக்கு வந்தேன். "ஒன்று. நான்கு சுற்றுகள். நேரடிக் கேள்விக்கு முப்பது விநாடி, பத்து மதிப்பெண். இரண்டு. தெரியாவிட்டால் அடுத்த துறைக்குப் போகும். அவர்களுக்குப் பதினைந்து விநாடி, ஐந்து மதிப்பெண். மூன்று. கடைசிச் சுற்று மணிச் சுற்று. மணியை அடித்துத் தப்பாகச் சொன்னால் ஐந்து கழியும். நான்கு. கீழே இருந்து யாராவது எடுத்துக் கொடுத்தால் அந்தக் கேள்வியே ரத்து."

வாசலைப் பார்த்தேன். வெயில்தான் தெரிந்தது.

"ஐந்து. போட்டிக்கு முன்னால் பார்வையாளர்களுக்குச் சில முன்னோட்டக் கேள்விகள் கேட்பேன். அவற்றுக்குப் போட்டியாளர் யாராவது முந்திக்கொண்டு சரியான விடையைச் சொன்னால் அவர் போட்டியிலிருந்து வெளியே. தப்பாகச் சொன்னால் பாதகமில்லை. ஆறு. முதல் நேரடிக் கேள்வியை நான் படிக்க ஆரம்பித்த பிறகு யாரும் வந்து உட்கார முடியாது. ஏழு. குவிஸ் மாஸ்டர் முடிவே இறுதியானது."

ஐந்தாவது விதி என் உபயம்தான். போன வருஷம் மேடையில் இருந்த ஒருவன் கூட்டத்துக்குக் கேட்ட கேள்விக்கெல்லாம் முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொல்லி, கீழே நாற்காலி பறந்தது. நேரத்தைக் கடத்த அந்த விதியை இன்னொரு முறை படித்தேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லி மூன்றாவது முறையும் படித்தேன். வணிகவியல் மேசையில் இருந்த அரங்கநாதன், "மனப்பாடமே ஆயிடுச்சிங்க சார்" என்றான். கூட்டம் சிரித்தது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனால் அவன் சொன்னது நியாயம்தான்.

முன்னோட்டக் கேள்விகளை ஆரம்பித்தேன். "இந்தியாவில் தொலைக்காட்சி முதலில் எந்த ஊரில், எந்த ஆண்டு?" தில்லி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது என்று ஒரு பெண் சொன்னாள். ஒரு மிட்டாய். "நம் டி.வி.யில் ஒரு விநாடிக்கு எத்தனை படம் ஓடும்?" நூறு, ஆயிரம் என்று கத்தி, கடைசியில் ஒருவன் இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்தான். மிட்டாய். "ஒரு படத்தில் எத்தனை கோடுகள்?" யாருக்கும் தெரியவில்லை. அறுநூற்று இருபத்தைந்து என்று நானே சொன்னேன். முதல்வர் கையசைத்தார், போதும் என்று.

"கடைசியாக ஒன்று" என்று அட்டையை எடுத்தேன். "நம் வட்டாரத்தில் படம் தெளிவாகத் தெரிய ஆன்டெனாவை எந்தத் திசைக்குத் திருப்ப வேண்டும்?"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. அப்போது பக்கவாட்டு வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது.

"தென்மேற்கு சார்."

பச்சையம்மாள். பஸ் நிலையத்திலிருந்து ஓடி வந்திருக்கிறாள்; மூச்சு வாங்கியது. கேள்வி காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. விதியை நான் மூன்று தடவை படித்ததில் ஒரு தடவைகூட அவள் கேட்டிருக்கவில்லை.

அரங்கநாதன் எழுந்துவிட்டான். "சார், அவுங்க ஹிஸ்டரி டீம். ரூல் அஞ்சு."

நான் அட்டையைப் பார்த்தேன். வடகிழக்கு என்று எழுதியிருந்தது. சென்னை அந்தப் பக்கம்தான். கள்ளக்குறிச்சி மாடிகளில் எல்லாம் கம்பி அந்தப் பக்கம்தான் பார்க்கும். அப்பாடா என்று இருந்தது. "விடை வடகிழக்கு. அவர் சொன்னது தப்பு. தப்பான விடைக்கு விதி ஐந்து பொருந்தாது. வந்து உட்காரும்மா."

அரங்கநாதன் உட்கார்ந்துவிட்டான். அவள் மேடைப் படி வரைக்கும் வந்து நின்றாள்.

"இன்னா சார் தப்பு? நீங்கதான் காலேஜ் கேம்ப்புக்கு எங்கூருக்கு வந்தீங்களே, பாத்தீங்களே. சென்னைப் பக்கம் திருப்பினா வெறும் புள்ளியா வரும். கொடைக்கானல் பக்கம் திருப்பினாத்தான் மூஞ்சி தெரியும்."

பார்த்திருக்கிறேன். எனக்குக் காரணமும் தெரியும். கொடைக்கானல் கோபுரம் மலை மேல், அவள் ஊரும் மலை மேல். நடுவில் மறைப்பு இல்லை. இதைத்தான் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு படிக்கு இறங்கினேன்.

"சொன்னா கேளு. தப்புன்னு ஒத்துக்கினு போய் உக்காரு. ரைட்டுன்னா நீ வெளிய போவணும், அதான் ரூலு. சென்னை போவ முடியாது."

அவள் முகம் சுருங்கியது. காலி நாற்காலியைப் பார்த்தாள். சுப்புராயன் வா வா என்று கையைக் காட்டினான்.

"அத்த பாக்கத்தான் சார் இருட்டோட கிளம்பி வந்தேன்" என்றாள். "நான் கம்பத்தத் திருப்பறப்ப ஊரே கீழ நின்னு தெரியுது தெரியுதுன்னு சொல்லும். அத்தப் போயி தப்புன்னு இத்தினி பேரு எதிர்ல எப்பிடி சார் ஒத்துக்கறது? நீங்களே தப்புன்னு நெனச்சா சொல்லுங்க. நான் உக்காந்துக்கறேன்."

என் முடிவே இறுதியானது. நானே எழுதிய விதி. ஒரு சொல் போதும். அவள் மேடை ஏறிவிடுவாள், சென்னையும் பார்த்துவிடுவாள். ஆனால் அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு என்று நான் சொன்னால் அதை நம்பிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. நம்பாமல் போனால் அதைவிடக் கேவலம்.

மைக்கிலிருந்து கையை எடுத்தேன். "கல்வராயன் மலையும் நம் வட்டாரம்தான். அங்கே தென்மேற்கு. அட்டையில் பாதி விடைதான் இருக்கிறது. அவர் சொன்னது சரி." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "எனவே விதி ஐந்தின்படி வரலாற்றுத் துறை ஒருவரோடு விளையாடும்."

அரங்கநாதன் இந்த முறை எழவில்லை. பச்சையம்மாள் தலையை ஆட்டிவிட்டு இரண்டாவது வரிசையில் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். மிட்டாயைக் கொடுத்தனுப்பினேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள்.

முதல் நேரடிக் கேள்வி வரலாற்றுத் துறைக்கு. "சென்னைத் தொலைக்காட்சி நிலையம் எந்த ஆண்டு தொடங்கப்பட்டது?"

சுப்புராயன் விழித்தான். முப்பது விநாடி ஓடியது. நான் சுப்புராயனைப் பார்க்கவில்லை. இரண்டாவது வரிசையில் பச்சையம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ் சார்" என்றான் சுப்புராயன். "எழுபத்தஞ்சு" என்றது வணிகவியல். ஐந்து மதிப்பெண்.